யுபிஎஸ்ஸின் முதுகில் மூன்றாவது பிளக்

நாற்பது தாண்டிய ஒரு மனுஷன், ரப்பர் ஷீட் கடையில் பகலெல்லாம் கணக்கு எழுதிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் கோட்டை பிடித்து விளையாடுகிறான் என்றால் குலசேகரத்தில் அதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள முடியாது. குடிப்பதற்குக்கூட எங்கள் ஊரில் ஒரு கௌரவம் உண்டு. குடிகாரன் கவலையில் குடிக்கிறான் என்பார்கள். கோட்டை பிடிக்கிறவனை என்னவென்று சொல்வது? என் மனைவி பள்ளிக்கூடத்து டீச்சர். என் பொழுதுபோக்கு என்னவென்று ஸ்டாஃப் ரூமில் கேட்டபோது, "அவங்க சாயங்காலம் ஆபீஸ் வேலையக் கம்ப்யூட்டர்ல செய்வாங்க" என்று சொல்லியிருக்கிறாள். அப்படி என் மானத்தைக் காப்பாற்றியவள்தான். அதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன், பின்னால் அவளைப் பற்றி வேறு மாதிரிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த மெஷினை நான் ஒரே நாளில் வாங்கவில்லை. முதலில் போர்டும் பிராசசரும். ஒரு ஓணத்துக்கு ரேம். அடுத்த போனஸில் கிராபிக்ஸ் கார்டு. கார்டு வந்த அன்றைக்கு அதன் அட்டைப்பெட்டியை நான் பீரோவுக்குள் நகைப்பெட்டி பக்கத்தில் வைத்ததாக என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். பொய். நகைப்பெட்டிக்கு மேலே வைத்தேன்.

அப்போது இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷ வாக்கு. தமிழ்நாடு முழுக்க கரண்ட் என்பது விருந்தாளி மாதிரி வந்து போய்க்கொண்டிருந்த காலம். எங்கள் பக்கம் அறிவித்த கரண்ட் கட்டு ஒன்று, அறிவிக்காத கட்டு ரெண்டு. ரப்பர் மரத்துக் கொம்பு கம்பியில் விழுந்தால் அது தனிக் கணக்கு. கரண்ட் இருக்கிற நேரத்திலும் நிம்மதி கிடையாது. சாயங்காலம் ஊர் முழுக்க மோட்டாரும் மிக்ஸியும் ஓடும்போது வோல்டேஜ் நூற்றி அறுபதுக்கு இறங்கும். டியூப்லைட் கண்ணைச் சிமிட்டிவிட்டு அப்படியே படுத்துக்கொள்ளும். எல்லாரும் ஒரு நேரத்தில் அணைத்தால் இருநூற்றி அறுபதைத் தொடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். வாங்கியது தப்பு. பிரஷர் உள்ளவன் வீட்டில் பிரஷர் பார்க்கிற கருவி இருக்கக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சாக்கெட்டுக்குள் ரெண்டு கம்பியையும் விட்டு நம்பரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். எங்கள் பக்கத்தில் இந்த மாதிரிப் பதட்டத்துக்கு வெப்ராளம் என்று பெயர். "வெப்ராளம் புடிச்ச மனுஷன்" என்று என் மனைவி சொன்னால் அது திட்டு இல்லை. அடையாளம்.

மெஷினோடு சேர்த்துக் கடைக்காரர் கொடுத்த சின்ன யுபிஎஸ் ஒன்று இருந்தது. அறுநூறு விஏ. மெயில் பார்க்கிற கம்ப்யூட்டருக்கு அது போதும். கிராபிக்ஸ் கார்டு போட்ட பிறகு, நான் கோட்டை மதிலேறுகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனால், அது ஒரு நீள அலறல் அலறிவிட்டுத் தானும் செத்து மெஷினையும் சாகடித்தது. மூன்று நாள் கட்டிய கோட்டை சேவ் ஆகாமல் போயிற்று. ஒரு தடவை விண்டோஸே எழுந்திருக்கவில்லை. மறுபடியும் ஏற்றினேன். ஹார்டு டிஸ்க் உள்ளே கர்கர் என்று ஒரு சத்தம் கேட்பது போல இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காதை வைத்துக் கேட்கச் சொன்னேன்.

"ஃபேன் சத்தமாக்கும்" என்றாள்.

"ஃபேன் சத்தம் வேற. இது உள்ள இருந்து வருது."

"அப்பம் உங்க வயித்துல இருந்து வந்திருக்கும்."

இந்த நிலைமையில்தான் என் கூட்டுக்காரன் உள்ளே வருகிறான். எங்கள் பக்கத்தில் சிநேகிதனுக்கு அப்படித்தான் பெயர். காலேஜில் என்னோடு ஒரே பெஞ்ச். பிறகு கல்ஃபில் எலக்ட்ரீஷியனாகப் பத்துப் பதினோரு வருஷம். திரும்பி வந்து எங்கள் பகுதியின் கேபிள் டிவி லைனை விலைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தான். அவன் பைக்கில் எப்போதும் ஒரு ஏணி நீட்டிக்கொண்டிருக்கும். கல்ஃபில் கற்ற இங்கிலீஷ் வார்த்தைகளை அவன் ஸ்க்ரூ டிரைவர் மாதிரி சட்டைப் பையில் வைத்திருப்பான். சேஃப்டி, குவாலிட்டி, லோடு, ஓவர்லோடு. கரண்ட் விஷயத்தில் அவன் சொன்னால் எனக்கு வேதம்.

என் கதையைக் கேட்டுவிட்டு அவன் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"மக்கா, இந்த அறுநூறு விஏ தரது முந்நூத்தி அறுபது வாட்ஸ்தான். நீ கேம் ஓட்டும்போது கார்டும் மானிட்டரும் சேர்ந்து அது பக்கத்துல போயி நிக்கும். பேட்டரி பழசானா தாங்காது. ஒனக்கு ஒரு கேவிஏ வேணும், ஆயிரம் விஏ. ரெண்டு பேட்டரி உள்ளது."

"எனக்கு யுபிஎஸ் அவ்வளவு பெருசு வேணுமாடே? சேவ் பண்ணி அணைக்க அஞ்சு நிமிஷம் போருமே. எங்க ரப்பர் கடை மொதலாளி ஸ்டெபிலைசர் போருமுன்னு சொல்லுதாரு."

"ஸ்டெபிலைசர் ஏறி இறங்குறதப் பிடிக்கும். போன கரண்டக் கொண்டு வருமா? லே, நீ ஃப்ரிட்ஜா வச்சிருக்க? லச்சம் ரூவா சாதனம்."

லட்சமெல்லாம் இல்லை. ஆனால் யாராவது லட்சம் என்று சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே மனதில் யுபிஎஸ் வாங்கிவிட்டேன்.

மார்த்தாண்டத்தில் போய் வாங்கி வந்தோம். வோல்டேஜ் தாழ்ந்தால் ஏற்றியும் உயர்ந்தால் இறக்கியும் தருகிற வகை. அதற்குள் ஒரு ரிலே டக் டக் என்று மாறும். முதல் வாரம் அந்த டக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது. பொருத்தியது அவன்தான். நான் டார்ச் பிடித்தேன். யுபிஎஸ்ஸின் முதுகில் மூன்று சாக்கெட். ஒன்றில் மெஷின், ஒன்றில் மானிட்டர். மூன்றாவதில் அவன் ஒரு வெள்ளை வயரின் பிளக்கைச் செருகினான். வயர் ஜன்னல் கம்பி வழியாக வெளியே போய், பின்சுவரில் ஏறி மறைந்தது.

"இது என்னடே?"

"தனி எர்த்து. ஒன் வீட்டு எர்த்த நம்ப முடியாது. இதத் தொடாத. தொட்டா என்ன வேணும்னாலும் ஆவும்."

எர்த்து என்றால் மண்ணுக்குள் போக வேண்டும். அந்த வயர் வானத்தைப் பார்த்துப் போயிற்று. எர்த்து வயருக்கு மூன்று பின் உள்ள பிளக் எதற்கு என்று எட்டாம் கிளாஸ் படிக்கிறவன்கூட கேட்பான். நான் கேட்கவில்லை. சாமியிடம் பூணூல் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்பேனா? மாறாக, வேலையும் பார்த்தேன். வீட்டுப் பின்புறம் மீட்டருக்குரிய எர்த்துக் குழி ஒன்று இருந்தது. மண் காய்ந்தால் எர்த்து வேலை செய்யாது, ஈரம் வேண்டும் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். அது சரியான விஷயம்தான். தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் கொண்டு போய் அந்தக் குழிக்கு ஊற்றினேன். அடுத்த வீட்டு அக்கா மதில் வழியாகப் பார்த்து, "சாரே, அதுல என்ன நட்டிருக்கு?" என்று கேட்டாள். "கம்ப்யூட்டர்" என்றேன்.

இன்னும் ரெண்டு காரியம் அவன் அன்றைக்குச் செய்தான். பேட்டரியில் ஓடும்போது யுபிஎஸ் பீப் பீப் என்று கத்துமே, அந்த பஸ்ஸரைத் திறந்து அடைத்தான். "மைனி தலவலின்னு சொல்லிட்டுக் கெடக்கா, பாவம்." பிறகு என்னிடம் கண்டிப்பாகச் சொன்னான். "கரண்ட் போனா கம்ப்யூட்டர அணை. யுபிஎஸ்ஸ அணைக்காத. அணைச்சு அணைச்சுப் போட்டா பேட்டரி கேடாயிரும். ஓடிக்கிட்டே கெடக்கட்டு."

தலையாட்டினேன். நான் ரொம்ப நன்றாகத் தலையாட்டுவேன்.

அதற்குப் பிறகு வந்த மாசங்கள் என் வாழ்க்கையில் நல்ல மாசங்கள். கரண்ட் போகும். மெஷின் நிற்காது. நான் அவசரமே இல்லாமல் கோட்டையைச் சேவ் பண்ணி, கால்மேல் கால் போட்டு, ஷட் டவுன் கொடுப்பேன். எதிரிப் படை மதிலடியில் நிற்கும்போது, "கரண்ட் வந்த பெறவு வாங்க மக்கா" என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு அணைத்ததுண்டு. இருட்டானதும் அவன் வருவான். வெளியே பைக் நிற்கிற சத்தம் கேட்கும். பெரும்பாலும் கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவான். முதலில் வீட்டுப் பின்பக்கம் ஒரு சுற்றுப் போவான், ஒன்றுக்குப் போகிறான் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு வந்து வராந்தாவில் உட்காருவான். மனைவி பால் விடாத கட்டன் சாயா போட்டுத் தருவாள். காலேஜ் கதை, கல்ஃப் கதை, யார் யாருக்குச் சுகர் வந்திருக்கிறது என்கிற கதை. கேபிள் காசும் எங்களிடம் வாங்குவதில்லை. "போடே, உன் கிட்டயா" என்பான். இப்படி ஒரு கூட்டுக்காரன் யாருக்கு அமைவான் என்று என் மனைவியிடமே கேட்டிருக்கிறேன். அவள் ஒரு மாதிரியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் வேறு என்று அன்றைக்குத் தெரியாது.

பிறகு ஒருநாள் கரண்ட் போயிற்று, மெஷினும் போயிற்று. பட்டென்று. யுபிஎஸ் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. வாங்கி ஒரு வருஷம் ஆகவில்லை. தூக்கிக்கொண்டு மார்த்தாண்டத்துக்குப் போனேன். கடைக்காரர் பேட்டரியை லோடு போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தினமும் முழுசா காலியாவுற அளவுக்கு ஓட்டுதீங்களா?"

"இல்ல. பத்து நிமிஷத்துல அணைச்சிருவேன்."

"அதுக்குப் பெறகு என்ன ஓடுது இதுல?"

"ஒண்ணும் ஓடாது."

"ஒண்ணும் ஓடாம பேட்டரி இப்பிடி ஆவாது சார். அடி வரைக்கும் எறங்கி, சார்ஜ் முழுசா ஏறக்குள்ள அடுத்த கட்டு, திரும்பவும் அடி வரைக்கும். இந்தப் பேட்டரிக்கு அது ஆவாது."

அவர் என்னைப் பார்த்த பார்வை, ராத்திரி யுபிஎஸ்ஸில் மிளகாய் அரைக்கிறவனைப் பார்க்கிற பார்வை. நான் கொதித்துப்போய், பழைய பேட்டரியைத் தலையில் கட்டியது நீங்கள்தான் என்று கத்தினேன். அவர் வாரண்டியில் புதிது ரெண்டு போட்டுக் கொடுத்தார். கூட்டுக்காரனிடம் வந்து சொன்னபோது அவனும் என்னோடு சேர்ந்து கொதித்தான். "ட்யூப்ளிகேட் மக்கா, எல்லாம் ட்யூப்ளிகேட். கல்ஃப்ல இப்பிடி வித்தா ஜெயில்." அவன் கொதித்தபோது எனக்கு மனசு நிறைந்தது. நமக்காகக் கோபப்பட ஒரு ஆள் இருக்கிறது என்பது சின்ன விஷயமா?

துலா மழைக் காலம் வந்தது. எங்கள் பக்கத்தில் ஐப்பசி என்றால், காலையில் வெயில் நல்லவன் மாதிரி நிற்கும். மத்தியானம் தாண்டினால் மலைப்பக்கம் கருத்து, இடியும் மின்னலுமாக இறங்கும். அப்போது வீடுகளில் ஒரு சடங்கு உண்டு. முதல் இடிக்கு டிவி பிளக்கைப் பிடுங்கு, ரெண்டாவது இடிக்கு டிவியின் கேபிள் பின்னையும் பிடுங்கு, மூன்றாவது இடிக்கு டெலிபோன். எந்த யுபிஎஸ்ஸும் எந்த ஸ்டெபிலைசரும் இடியைத் தடுக்காது, வயரைப் பிடுங்கிப் போடுவதுதான் வழி என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் இந்தச் சடங்கில் ஊரிலேயே முன்னணி. மேகம் உறுமினாலே எழுந்துவிடுவேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முதல் உறுமலுக்கே மெஷினை அணைத்தேன். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டேன். அதற்கு மேல் ஒரு பலகையில் ஏறி நின்றேன். வலது கையால் யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன், இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. இன்டர்நெட் வருகிற டெலிபோன் வயரைப் பிடுங்கினேன். டிவியும் அதன் கேபிளும் ஏற்கெனவே பிடுங்கியாகிவிட்டது. வீட்டில் பிடுங்க இனி ஒன்றும் இல்லை. எர்த்து தவிர. எர்த்தைத் தொடக் கூடாதே.

"அந்தப் பலகையில ஏறி நிக்கியளே, எதுக்காக்கும்?" என்றாள் மனைவி.

"சேஃப்டி."

"இறங்குங்க. வழுக்கி விழுந்து நடுமுதுகு ஒடிஞ்சா அதுக்கு எந்த யுபிஎஸ் போடது?"

அவள் சொல்லி வாய் மூடவில்லை. பின்பக்கத்து எஸ்டேட்டில் ஒரு வெட்டு வெட்டியது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக. சுவர் அதிர்ந்தது. என் மேஜையிலிருந்து ஒரு சின்ன டப். பிறகு ஒரு வாசனை, கருகின மீனும் பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி.

இடி அடங்கின பிறகு பிளக்கைச் செருகிப் பார்த்தேன். யுபிஎஸ் எழுந்திருக்கவில்லை. மெஷினின் பிளக்கைக் கழற்றி நேராகச் சுவரில் செருகினேன். ஒன்றுமில்லை. மூடியைத் திறந்தேன். பவர் சப்ளைக்குள்ளிருந்துதான் வாசனை. போர்டில் ஓரமாக ஒரு இடம் கருத்திருந்தது. நான் எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தேன். சுவரோடு இந்த மெஷினுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. வீட்டில் வேறு ஒன்றுமே போகவில்லை. டிவி சுகமாக இருந்தது. ஃப்ரிட்ஜ் சுகமாக இருந்தது. மின்னல் என் வீட்டைத் தேடி வந்து, கதவைத் தட்டாமல், பூட்டின வழி எதிலும் வராமல், என் மெஷினை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா என்று கேட்காதீர்கள். கண்ணில் புகை.

அப்போது மழையில் பைக் சத்தம். கூட்டுக்காரன். ரெயின்கோட்டு கூடப் போடாமல், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. மின்னல் எங்கள் பக்கம் விழுந்ததைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறான். எழுந்து துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"போச்சா?" என்றான்.

"போச்சு மக்கா. போர்டு, பவர் சப்ளை, எல்லாம்."

"அது இல்லடே" என்றான். உள்ளே வரவில்லை. மெஷின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பைக்கிலிருந்து ஏணியை உருவிக்கொண்டு வீட்டுப் பின்பக்கம் போனான்.

நானும் பின்னாலேயே போனேன். வெள்ளை வயர் ஜன்னலிலிருந்து சுவரில் ஏறியது. அவன் ஏணியும் அதே சுவரில் ஏறியது. சன்ஷேடுக்கு மேலே, தண்ணீர் டாங்கியின் மறைவில், ஒரு தகரப் பெட்டி. நான் வருஷத்துக்கு ஒரு தடவை டாங்கி கழுவப் போகிறவன், அந்த மூலைக்குக் குனிந்ததே இல்லை. பெட்டிக்கு ஒரு பக்கம் தடித்த கறுப்பு கேபிள் உள்ளே போகிறது. மறுபக்கம் நாலைந்து கேபிள் வெளியே வந்து தென்னை மரத்துக்கும் போஸ்ட்டுக்குமாகத் தெரு முழுக்கப் போகிறது. அடியில் வந்து சேருகிறது என் எர்த்து.

கேபிள் டிவியின் ஆம்ப்ளிஃபயர். தூரத்திலிருந்து வருகிற சிக்னல் தளர்ந்துபோகுமே, அதைத் தூக்கிவிடுகிற சாதனம். அது ஓட அங்கங்கே யாராவது ஒரு வீட்டிலிருந்து கரண்ட் வேண்டும். இது எனக்கும் தெரிந்த வழக்கம்தான். அந்த வீட்டுக்குக் கேபிள் காசு கிடையாது. சரிதான். ஆனால் அந்த வீட்டில் கரண்ட் போனால், இன்வெர்ட்டர் வைத்திருக்கிற மற்ற வீடுகளில் டிவி ஓடும், படம் வராது. சீரியல் நேரத்தில் படம் வராவிட்டால் கேபிள்காரன் தெருவில் நடக்க முடியுமா? அவனுக்குத்தான் பேக்கப் தேவைப்பட்டது. ஒரு கேவிஏ, ரெண்டு பேட்டரி.

மழையில் நின்றுகொண்டு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. நான் மெஷினை அணைத்த பிறகு, கட்டு முடிகிற வரைக்கும் அந்தப் பெட்டி என் பேட்டரியை அடி வரைக்கும் குடித்திருக்கிறது. பஸ்ஸர் அடைத்தது நான் அறியாமல் இருக்க. அணைக்காதே என்றது அது ஓட. இப்போது மின்னல் தெருவில் நீண்டு கிடக்கிற அந்தக் கறுப்பு கேபிளில் ஏறி, பெட்டியைச் சுட்டு, என் எர்த்து வழியாக யுபிஎஸ்ஸின் முதுகில் இறங்கி, பக்கத்து சாக்கெட்டிலிருந்த மெஷினுக்குள் போயிருக்கிறது. நான் சுவர் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு பலகையில் நின்றிருக்கிறேன்.

"எர்த்து?" என்றேன்.

அவன் ஏணியிலிருந்து குனிந்து பார்த்தான். முகத்தில் வெட்கம் இருந்ததா என்று மழையில் தெரியவில்லை.

"ஆம்ப்ளிஃபயருன்னு சொன்னா நீ வெப்ராளப்படுவ மக்கா. ஒன் சொபாவம் எனக்குத் தெரியாதா. அதான் எர்த்துன்னு சொன்னேன்."

"கரண்ட் வேணும்னா கேட்டா தரமாட்டேனா?"

"சுவத்துல இருந்து தருவ. யுபிஎஸ்ல இருந்து தருவியா? இருபது வாட்ஸ்தாண்டே இது. ஒரு பல்பு."

"ஒன் வீட்டுலயே இன்வெர்ட்டர் கெடக்கே. தெருக்கோடிதானே. அங்க வைக்கதுக்கு என்ன?"

அவன் யோசிக்கவே இல்லை. நல்ல மனசோடு, ஒரு தொழில் விஷயத்தை விளக்குகிறவன் மாதிரி சொன்னான்.

"அங்க வச்சா மின்னல் வெட்டும்போது என் வீட்டு சாதனம் எல்லாம் போயிரும்லா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்குக் கேட்டது. ஏணியில் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். டாங்கியிலிருந்து தண்ணீர் என் தலையில் விழுந்துகொண்டிருந்தது. நகர்ந்து நிற்கத் தோன்றவில்லை.

உள்ளே வந்தால், அடுத்த வீட்டு அக்கா குடையோடு வாசலில். என் மனைவியிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"டீச்சரே, டிவியில படம் இல்ல. ஒங்க வீட்டுப் பெட்டி போச்சோ?"

ஒங்க வீட்டுப் பெட்டி. நான் மனைவியைப் பார்த்தேன்.

"ஏட்டி, ஒனக்குத் தெரியுமா?"

"என்ன, தெரியுமாவா? நீங்கதானே சம்மதிச்சிய. நீங்க சொல்லித்தான் வைக்கேன்னு ஒங்க கூட்டுக்காரரு எங்கிட்ட அன்னைக்கே சொன்னாரே. தெருவுல எல்லாரும் எங்கிட்ட நல்ல வார்த்த சொன்னாங்க, சார் பெரிய மனசுக்காரர்னு."

"எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே!"

"நீங்க எப்பம் வெளிய வந்திய? ஒண்ணு கோட்டைக்குள்ள, இல்லன்னா எர்த்துக் குழிக்கு வெள்ளம் கோரிக்கிட்டு."

அக்கா குடையைச் சுருக்கி நிதானமாக நின்றாள். போகிற எண்ணம் அவளுக்கு இல்லை. தெரு முழுக்கத் தெரிந்த ஒரு விஷயம், யுபிஎஸ்ஸின் சொந்தக்காரனுக்கு மட்டும் தெரியவில்லை என்பதை அவள் நேரிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் இதுவும் தெரு முழுக்கத் தெரியும்.

எனக்கு மெஷின் போனதுகூட ஒரு கணக்கில் சரி. உயிரில்லாத சாதனம். திரும்பக் கட்டலாம். கட்டவும் செய்தேன், ஒவ்வொரு துண்டாக, அடுத்த வருஷம். ஆனால் மழை நின்ற பிறகு வராந்தாவில் தனியே உட்கார்ந்திருந்தபோது வேறொன்று உறைத்தது. கரண்ட் போனதும் அவன் வருவான். வீட்டுப் பின்பக்கம் ஒரு சுற்று. பிறகு கட்டன் சாயா. அவன் வந்தது பெட்டியில் லைட்டு எரிகிறதா என்று பார்க்க. எரிந்தால் அப்படியே திரும்பிப் போவது மரியாதையில்லை என்று கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறான். மனைவியின் அந்தச் சிரிப்பும் இப்போதுதான் விளங்கியது, அவன் எதற்கு வருகிறான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அதைக் கூட்டு என்று எடுத்துக்கொண்டேன். கரண்ட் எப்போது போகும் என்று சில நாள் நான் காத்திருந்ததுகூட உண்டு, அவன் வருவானே என்று. அதை நினைத்தபோது, இவ்வளவு வயசான ஒருவன் இப்படியா என்று எனக்கே சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டேன்.

மறுநாள் அவன் புது ஆம்ப்ளிஃபயரோடு வந்தான். மெஷினுக்கு ஆன நஷ்டத்தில் பாதி தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். தெருக்காரர்களிடம் ஏச்சுக் கேட்க முடியவில்லை, பெட்டியை வைத்துக்கொள்ளட்டா என்றான்.

"வையி" என்றேன். "சுவத்து பிளக்குல."

"கட்டு நேரத்துல படம் வராதே."

"வராது."

அவன் பெட்டியை ஏணியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போனான். சில நாளில் சந்திப் போஸ்ட்டில் ஒரு பெட்டிக்குள் தன் சொந்த பேட்டரியே வைத்துவிட்டான். வைக்க முடிந்திருக்கிறது, பாருங்கள். எங்களிடமும் மாசா மாசம் கேபிள் காசு வாங்க ஆள் வந்தது.

புது மெஷினுக்குப் புது யுபிஎஸ் வாங்கினேன். இப்போது தெரிந்துகொண்டுதான் வாங்கினேன். ஆடுகிற வோல்டேஜைப் பிடித்து நிறுத்த, கரண்ட் போனால் சேவ் பண்ணி அணைக்கப் பத்து நிமிஷம். அவ்வளவுதான் அதன் வேலை. அணைத்ததும் யுபிஎஸ்ஸையும் அணைத்துவிடுவேன். பேட்டரி மூன்று வருஷம் உழைத்தது. இடிக்கு, முதுகிலுள்ள பிளக்கையெல்லாம் கழற்றிப் போடுவேன். எர்த்து சுவர் சாக்கெட்டின் மூன்றாவது பின்னில் இருக்கிறது. எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது.

அவன் வருவது நின்றது. தெருவில் பார்த்தால் ஹார்ன் அடிப்பான். நான் தலையாட்டுவேன்.

ரெண்டு வருஷம் கழித்து, ஒரு சாயங்காலம், கரண்ட் போன சமயம், வாசலில் பைக் நின்றது. அவன்தான். ஏணி இல்லை. பின்பக்கம் போகவில்லை. நேராக வந்து வராந்தாவில் உட்கார்ந்தான்.

"என்னடே?" என்றேன்.

"சும்மா" என்றான்.

மனைவி சாயா கொண்டு வந்தாள். கரண்ட் வருகிற வரைக்கும் பேசினோம், பழைய வாத்தியார் ஒருவர் செத்ததைப் பற்றி, ரப்பர் விலை விழுந்ததைப் பற்றி. வெளிச்சம் வந்ததும் எழுந்து போனான்.

பைக் சத்தம் தெருமுனை தாண்டுகிற வரை காத்திருந்தேன். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் குனிந்து யுபிஎஸ்ஸின் முதுகைப் பார்த்தேன். வெளியே போய், டாங்கி கழுவ ஏறுகிற ஏணியைச் சாய்த்து ஏறி, சன்ஷேடையும் டாங்கியின் மறைவையும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ரெண்டு காய்ந்த தென்னம்பாளை மட்டும்.

"என்னத்தப் பாக்குதிய?" என்று மனைவி கீழேயிருந்து கேட்டாள்.

"சும்மா" என்றேன். அவள் நம்பவில்லை.